காபி கலங்கினால் அரவை எண்ணைத் திருப்புவதற்கு முன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரே மிடற்றில் முதலில் புளிப்பு, பின்னாலேயே நாக்கை வறட்டும் கசப்பு. அரவையை நைசாக்கினால் கசப்பு கூடுகிறது. பருவெட்டாக்கினால் புளிப்பு கூடுகிறது. எந்த எண்ணில் நிறுத்தினாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. காபிக்கொட்டைக்கு உரிய தனிச்சுவை எதுவும் மேலே எழுந்து வருவதில்லை. இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் பலரும் கிரைண்டரின் எண்ணை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண் தூளின் சராசரி அளவை நகர்த்தும். அந்தச் சராசரியிலிருந்து துகள்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதை அது பெரிதாக மாற்றாது. சுவை கலங்குவது பெரும்பாலும் அந்தச் சிதறலால்தான்.

ஆகவே எண்ணைத் தொடுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று: தொல்லை தருவது நுண்தூளா, பெருந்துகளா, அல்லது நீர் ஊற்றும் விதமா? மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கோப்பை இன்னும் மோசமாகும்.

இங்கே சொல்லப்போவது கூம்பு வடிகட்டியில் காகிதம் வைத்து ஊற்றி வடிக்கும் காபிக்கும், பிரெஞ்ச் பிரஸ் போல ஊறவைத்து எடுக்கும் காபிக்கும் பொருந்தும். எஸ்பிரஸோவை இதில் சேர்க்கவில்லை. அங்கே நீரின் அழுத்தத்துக்கு எதிர்ப்புக் கொடுப்பதே நுண்தூள்தான். அதை எதிரியாகப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

முதலில் தூளுக்குள் என்ன இருக்கிறது

வறுத்த காபிக்கொட்டை எளிதில் நொறுங்கும் பொருள். அரவைப் பற்களுக்கு இடையே சிக்கும்போது அது வெட்டுப்படுவதைவிட உடைவதுதான் அதிகம். ஒவ்வொரு உடைப்பிலும் நாம் விரும்பிய அளவுத் துண்டோடு, கொட்டையின் செல்சுவர்கள் சிதறிய மிக நுண்ணிய பொடியும் சேர்ந்தே பிறக்கிறது. அதனால்தான் எவ்வளவு விலை உயர்ந்த கிரைண்டரானாலும் நுண்தூள் இல்லாத அரவை கிடையாது. அளந்து வரைபடம் போட்டால் பெரும்பாலும் இரண்டு மேடுகள் தெரியும். நாம் தேர்ந்தெடுத்த அளவை ஒட்டி ஒரு பெரிய மேடு. 100 மைக்ரானுக்குக் கீழே ஒரு சிறிய மேடு. அந்தச் சிறிய மேடுதான் ஃபைன்ஸ் எனப்படும் நுண்தூள். பெரிய மேட்டின் வலதுபுறம் வால் போல நீண்டு கிடப்பவை போல்டர் எனப்படும் பெருந்துகள்கள்.

இவை சுவையில் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு சின்னக் கணக்கு தெளிவாகக் காட்டும். துகள்கள் எல்லாம் உருண்டை என்றும், காபி வடியும் நேரத்துக்குள் நீர் ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலிருந்து 100 மைக்ரான் ஆழம் வரைதான் எளிதாகச் சாறெடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 800 மைக்ரான் துகளில் அந்த ஆழத்துக்குள் அடங்குவது அதன் பருமனில் ஏறக்குறைய 58 விழுக்காடு. 1600 மைக்ரான் பெருந்துகளில் அது 33 விழுக்காடுதான். உள்ளே மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட தொடப்படாமலே குப்பைக்குப் போகிறது. 80 மைக்ரான் நுண்தூளிலோ தொடப்படாத இடமே இல்லை. நீர் பட்ட சில நொடிகளில் அது தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகும் நிமிடக்கணக்கில் கொதிநீரில் கிடக்கிறது.

உண்மைத் துகள் உருண்டையும் அல்ல, 100 மைக்ரான் என்ற எல்லைக்கோடும் அவ்வளவு கறாரானது அல்ல. இருந்தாலும் திசை சரி. பெருந்துகளிலிருந்து முதலில் கரையும் புளிப்பு வருகிறது, அதைச் சமன்செய்யும் இனிப்பு முழுதாக வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நுண்தூளிலிருந்து கடைசியில் கரையும் கசப்பும் துவர்ப்பும்கூட வந்துவிடுகின்றன. இரண்டும் கோப்பையில் கலக்கும்போது ஒன்றையொன்று சமன்செய்வதில்லை. நடுவில் இருக்கும் மென்மையான சுவைகளை இரண்டு பக்கமிருந்தும் மூடுகின்றன. தெளிவு போய்விட்டது என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒரு 800 மைக்ரான் துகளின் எடைக்கு ஈடாக 80 மைக்ரான் துகள்கள் 1000 தேவை. அந்த ஆயிரமும் சேர்ந்தால் மேற்பரப்பு பத்து மடங்கு. எடையில் கொஞ்சமாகத் தெரியும் நுண்தூள் கோப்பையில் இவ்வளவு ஓங்கி ஒலிப்பது இதனால்தான்.

அறிகுறி: கோப்பை கண்ணுக்கே கலங்கலாக இருக்கிறது, அடியில் மண்டி தங்குகிறது

இது எளிதில் பிடிபடும் பிழை. கலங்கல் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், கரையாமல் மிதக்கும் தூளால் வரும் கலங்கல் வேறு, கரைந்துபோன சுவைகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் கலங்கல் வேறு. எது என்று பிரிக்க ஒரு சோதனை போதும்.

காபியைப் போட்டவுடன் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அப்படியே வையுங்கள். மறு பாதியை, வெந்நீரில் நன்றாக அலசிய புதிய வடிகாகிதத்தில் இன்னொரு முறை வடியுங்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு குடித்துப் பாருங்கள். மறுபடி வடித்த பாதியில் சுவை பளிச்சென்று விரிந்தால், உங்கள் எதிரி மிதக்கும் நுண்தூள். அது நாக்கில் படிந்து கசப்பைக் கூட்டியதோடு கோப்பைக்குள்ளும் தொடர்ந்து சாறு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பாதியும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் கேடு ஏற்கெனவே கரைந்துவிட்டது; கீழே வரும் அறிகுறிகளுக்குப் போங்கள். காகிதம் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் வடித்த பாதி சற்று மெலிந்தே இருக்கும். அந்த மெலிவைக் கணக்கில் எடுக்காமல், சுவைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

காகித வடிகட்டியில் போட்ட காபியில் மண்டி இருந்தால் அரவையைச் சந்தேகிப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். மடிப்பு சரியாக உட்காராமல் ஓரத்தில் சரிந்திருக்கும், அல்லது தையல் விட்டிருக்கும். நல்ல காகிதம் இந்த அளவுத் தூளை விடாது.

உலோக வலையிலும் பிரெஞ்ச் பிரஸிலும் நுண்தூள் வலைக்குள் புகுந்து வரத்தான் செய்யும். அங்கே மருந்து பொறுமை. நீர்மத்தில் இவ்வளவு சிறிய துகள் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். பாதி விட்டமுள்ள துகள் கால்வாசி வேகத்தில்தான் அடியில் சேரும். நான்கு நிமிடம் ஊறியதும் மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் கலைத்து, நுரையை அள்ளிவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு வலையை அடிவரை அழுத்தாமல் மேற்பரப்பிலேயே நிறுத்தி, மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் கொஞ்சம் காபியை விட்டுவிடுங்கள். வேகமாக அழுத்தினால் அடங்கிக் கிடந்த தூளெல்லாம் மறுபடி மேலே எழும். ஐந்து நிமிடம் காத்திருந்தது வீணாகிவிடும். ஊறும் நேரம் கூடுகிறதே என்று அஞ்ச வேண்டாம். நீர் ஆறிக்கொண்டே போவதாலும் சாறு ஏற்கெனவே பெரும்பகுதி இறங்கிவிட்டதாலும் கடைசி நிமிடங்களில் சுவை அவ்வளவாக மாறுவதில்லை.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாக வடிகிறது, பாதியில் நீர் தேங்கி நிற்கிறது

இங்கே வடிந்து முடிந்த தூள் படுகையை அவசரமாகக் கொட்டிவிடாதீர்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. காகிதத்தோடு வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கூம்பின் சுவரில் தூள் ஒட்டியிருக்கும் உயரத்தையும் அதன் தன்மையையும் கவனியுங்கள். மணல்மணலாக ஒட்டியிருந்தால் கவலை இல்லை. விரலால் தேய்க்கும்போது சந்தனம் அரைத்த விழுது போல வழுவழுவென்று இழுபட்டு, விரல் ரேகைகளுக்குள் புகுந்து உட்கார்ந்தால் அது நுண்தூள். படுகையின் மேற்பரப்பிலும் அதே விழுது ஒரு மெல்லிய ஏடாகப் படிந்து, நீர் வற்றியதும் மினுமினுக்கும். அந்த ஏட்டை ஒரு கரண்டி நுனியால் கீறினால் கீழே கரகரப்பான தூள் தெரியும்.

நடந்தது இதுதான். நீரை உயரத்திலிருந்தும் வேகமாகவும் ஊற்றும்போது படுகை முழுவதும் கிளறப்படுகிறது. பெரிய துகள்கள் உடனே அடங்குகின்றன. நுண்தூள் மிதந்து, நீர் போகும் வழியிலேயே போய், காகிதத்தின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்கிறது. கூம்பில் நீர் பக்கவாட்டிலும் வெளியேறுவதால் சுவர் முழுவதும் அடைபடுகிறது. நீர் தேங்கினால் துகள்கள் எல்லாம் அளவுக்கு மேல் ஊறும், துவர்ப்பு ஏறும்.

பலர் உடனே அரவையைப் பருவெட்டாக்குகிறார்கள். நேரம் குறையும், உண்மைதான். ஆனால் சராசரி பெரிதானதால் பெருந்துகள்களும் இன்னும் பெரிதாகியிருக்கும். புளிப்பு புதிதாக வந்து சேரும். அதனால் முதலில் கையை மாற்றிப் பாருங்கள், அரவையை அல்ல.

15 கிராம் தூளுக்கு 250 கிராம் நீர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 45 கிராமில் தூளை நனைத்துவிட்டு 40 நொடி காத்திருங்கள். கிளற வேண்டும் என்றால் இந்தக் கட்டத்தில் மட்டும் கிளறுங்கள். தூள் எல்லாம் சீராக நனைவது இங்கே முக்கியம். நீரும் கொஞ்சம்தான் இருப்பதால் நுண்தூள் தூரம் போகாது. மீதி நீரை ஐந்தாறு தவணையாகப் பிரிக்காமல் இரண்டே ஊற்றில், கெட்டிலின் மூக்கைப் படுகைக்கு அருகில் தாழ்த்தி, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். காகிதச் சுவரில் நேராக ஊற்ற வேண்டாம். கடைசியில் வடிகட்டியைச் சுழற்றும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு கோப்பைக்கு அதை விட்டுவிடுங்கள். அரவை எண், வெப்பம், எடை எல்லாம் பழையபடியே இருக்கட்டும்.

வடியும் நேரம் அரை நிமிடமோ அதற்கு மேலோ குறைந்து துவர்ப்பும் தணிந்தால், உங்கள் கிரைண்டர் தரும் நுண்தூள் சாதாரண அளவில்தான் இருக்கிறது; ஊற்றும் விதம் அதைத் தவறான இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நேரம் அசையவே இல்லை என்றால் வேறு வகைக் காகிதத்தை முயலுங்கள். ஒரே அளவுக் காகிதங்களிலேயே வடியும் வேகம் வெகுவாக மாறுபடும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் நுண்தூள் உண்மையிலேயே மிகுதி என்று முடிவுக்கு வரலாம். மழுங்கிய அரவைப் பற்கள், வேகமாகச் சுழலும் மோட்டார், கரும் வறுவல் ஆகிய மூன்றும் நுண்தூளைக் கூட்டுபவை. கரும் வறுவலில் கொட்டை அதிகம் நொறுங்கும் தன்மை அடைந்திருப்பதால் அங்கே அரவையைப் பருவெட்டாக்கி, நீரின் வெப்பத்தையும் 88 டிகிரி செல்சியஸ் பக்கம் இறக்குவது நியாயமான வழி.

அறிகுறி: நேரம் சரியாக இருக்கிறது, ஆனாலும் புளிப்பும் கசப்பும் ஒன்றாக வருகின்றன

மூன்று நிமிடத்தில் ஒழுங்காக வடிகிறது, படுகை தட்டையாக இருக்கிறது, விழுது இல்லை. இருந்தும் சுவை மங்கல். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த அறிகுறிதான். நுண்தூள் படுகையில் தடம் விட்டுப் போகும். பெருந்துகள் எந்தத் தடத்தையும் விடாது. வடியும் நேரத்தையும் சொல்லும்படி மாற்றாது. கோப்பையில் கொஞ்சம் பச்சையான, கூர்மையான புளிப்பாகவும், சுவை நடுவே குழி விழுந்தது போன்ற மெலிவாகவும் மட்டும் தெரியும்.

ஒரு சிட்டிகைத் தூளை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, ஊசி நுனியால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பக்கவாட்டிலிருந்து விளக்கு விழும்படி வைத்தால் நிழல் நீளும். பெரிய துகள் எது என்று கண்ணுக்கு உடனே தெரியும். சுற்றியிருப்பவற்றைவிட இருமடங்கு விட்டமுள்ளவை எத்தனை என்று பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது இயல்பு. பார்வை எங்கே விழுந்தாலும் அப்படி ஒன்று தட்டுப்பட்டால் சந்தேகம் சரி. எண்ணிக்கையில் அற்பமாகத் தோன்றும். ஆனால் இருமடங்கு விட்டமுள்ள ஒரு துகள் எட்டுத் துகள்களின் எடையை அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நுண்தூளுக்கு இது நேர் எதிர்: எண்ணிக்கையில் கோடி, எடையில் கொஞ்சம்.

கண் பார்வையோடு நிறுத்தாமல் நாக்கையும் கேட்க வேண்டும். அதற்குச் சல்லடை தேவை. 400 மைக்ரான், 1200 மைக்ரான் என்று அளவு குறித்த இரண்டு சல்லடைகள் இருந்தால் ஒரு முழு எடுத்துக்காட்டைச் செய்து பார்க்கலாம்.

40 கிராம் கொட்டையை உங்கள் வழக்கமான எண்ணில் அரையுங்கள். அதில் 10 கிராமை அப்படியே எடுத்து வையுங்கள். மீதி 30 கிராமைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியை 400 மைக்ரான் சல்லடையில் மட்டும் மூன்று நிமிடம் சலித்து, கீழே விழுந்ததை நீக்குங்கள். இரண்டாவது பாதியை 1200 மைக்ரானில் மட்டும் சலித்து, மேலே தங்கியதை நீக்குங்கள். இப்போது மூன்று தூள்கள் இருக்கின்றன: சலிக்காதது, நுண்தூள் நீக்கியது, பெருந்துகள் நீக்கியது. மூன்றிலும் பத்துப் பத்துக் கிராம் எடுத்து மூன்று கிண்ணங்களில் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே சூட்டில் 160 கிராம் நீரை ஊற்றுங்கள். நான்காவது நிமிடத்தில் மேற்பரப்பைக் கலையுங்கள். பத்தாவது நிமிடத்துக்கு மேல் கரண்டியால் எடுத்துச் சுவையுங்கள்.

ஏன் கிண்ணம், ஏன் வடிகட்டி இல்லை என்றால், நுண்தூளை நீக்கிய தூளில் நீர் வேகமாக ஓடும். அப்போது சுவை மாறியது நுண்தூள் போனதாலா, நேரம் குறைந்ததாலா என்று சொல்ல முடியாது. ஊறவைக்கும்போது மூன்றுக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது. இந்த ஒன்றைக் கவனிக்காமல் செய்யும் சல்லடைச் சோதனைகள் பெரும்பாலும் தவறான முடிவைத்தான் தருகின்றன.

உதாரணமாக, 15 கிராமில் 1200 மைக்ரானுக்கு மேல் தங்கியது 2.4 கிராம், 400 மைக்ரானுக்குக் கீழே விழுந்தது 2 கிராம் என்று வருவதாகக் கொள்வோம். எடையைப் பார்த்து இரண்டும் ஏறக்குறைய சமம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சுவைக்கும்போது நுண்தூள் நீக்கிய கிண்ணம் சற்று இலகுவாக மட்டும் இருக்கிறது, புளிப்பு அப்படியே நிற்கிறது. பெருந்துகள் நீக்கிய கிண்ணத்தில் புளிப்பின் கூர்மை மழுங்கி, இனிப்பு மேலே வருகிறது. அப்படியானால் குற்றவாளி பெருந்துகள். இந்தக் கிரைண்டரில் நுண்தூளைக் குறைக்கச் செய்யும் எந்த வேலையும் பலன் தராது. மாறாக, எந்தப் பகுதியை நீக்கினாலும் அதே பச்சைப் புளிப்பு மூன்று கிண்ணத்திலும் இருந்தால் அரவையை விட்டுவிடுங்கள். வறுவல் உள்வரை போகாத கொட்டை அது.

சல்லடையின் எடைகளை வேறொருவரின் எடைகளோடு ஒப்பிட வேண்டாம். நுண்தூள் பெரிய துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாகக் குலுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். உங்கள் கிரைண்டரின் நேற்றைய எடையோடு இன்றைய எடையை ஒப்பிட மட்டுமே அது உதவும். 400 மைக்ரானுக்குக் கீழே விழுந்தது முழுவதும் நுண்தூளும் அல்ல. உண்மையான நுண்தூள் அதில் ஒரு பகுதிதான்.

பெருந்துகள்தான் என்று உறுதியானால் பார்க்க வேண்டிய முதல் இடம் அரவைத் தட்டுகளின் நேர்மட்டம். இரண்டு தட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையென்றால் ஒரு பக்கம் இடைவெளி குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருக்கும். அகன்ற பக்கம் பெருந்துகளை நழுவவிடும், குறுகிய பக்கம் நுண்தூளை உண்டாக்கும். ஒரே பழுதில் இரண்டு கேடும் பிறப்பது இங்கேதான். மின்சாரக் கிரைண்டரானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறவுங்கள். தட்டின் வெளி விளிம்பில் அழியக்கூடிய வெள்ளைப்பலகை மார்க்கரால் சுற்றிலும் மை தடவுங்கள். மூடி, தட்டுகள் உரசும்வரை எண்ணை மெதுவாக இறக்கிக் கையாலேயே சில சுற்று சுற்றுங்கள். மறுபடி திறந்து பாருங்கள். மை சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருந்தால் மட்டம் சரி. ஒரு பக்கம் மட்டும் அழிந்து மறுபக்கம் அப்படியே இருந்தால் கோணல்.

கோணலுக்குப் பெரும்பாலும் பெரிய காரணம் இருக்காது. தட்டு உட்காரும் இடத்தில் இறுகிப்போன பழைய தூள்தான் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். தூரிகையால் சுத்தம் செய்து, திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மை அழியாத பக்கத்தில் தட்டுக்கு அடியில் மெல்லிய அலுமினியத் தாள் துண்டை வைத்து உயர்த்தி, மறுபடி மைச் சோதனை செய்யலாம். கைக் கிரைண்டரில் தட்டு கிடையாது, கூம்பு. அங்கே நடு அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் அது அரைக்கும்போது கொட்டையின் தள்ளுதலுக்கு ஏற்பச் சாய்ந்துகொண்டே இருக்கும். எந்த எண்ணும் அதைத் திருத்தாது. தாங்கிகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கத்தி சுழன்று நொறுக்கும் மிக்ஸி வகைக் கருவியில் மட்டம் என்ற பேச்சே இல்லை. கத்தியில் பட்டது பொடியாகும், படாதது பாறையாக நிற்கும். அதில் அரைப்பவர்களுக்குப் பயனுள்ள வழி, ஓரிரு நொடிகளாக விட்டு விட்டு ஓட்டி நடுநடுவே குலுக்குவதும், அரைத்ததைச் சல்லடையில் இட்டு மேலே தங்கிய பெருந்துகளை மட்டும் மறுபடி அரைப்பதும்தான். எல்லாவற்றையும் சேர்த்து நெடுநேரம் அரைத்தால் பாறைகள் குறையும் வேகத்தைவிடப் பொடி கூடும் வேகம் அதிகம்.

அறிகுறி: ஒரே கொட்டை, ஒரே எண், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு சுவை

தட்டுகள் நேராக இருந்தும் இப்படி நடந்தால், அரைக்கும் விதம் நாளுக்கு நாள் மாறுகிறது என்று பொருள். ஒரு கோப்பைக்கு மட்டும் கொட்டையை அளந்து போடும்போது, கடைசிச் சில கொட்டைகளை மேலிருந்து அழுத்த எதுவும் இல்லாததால் அவை பற்களின் மேல் துள்ளிக் குதிக்கும். நுனியில் மட்டும் கடிபட்டுத் துள்ளி, மறுபடி விழுந்து உடையும் அவை, நிரம்பிய நிலையில் அரைபட்டவற்றைப் போல இருப்பதில்லை. இரண்டு நாளும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், ஒரே எடையை அரைப்பது இதைக் கட்டுக்குள் வைக்கும். கைக் கிரைண்டரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கொட்டை மெதுவாக உள்ளே போகும். பற்களுக்கு இடையே நெரிசல் குறைவதால் நுண்தூளும் குறையும். ஆனால் பழைய எண்ணிலேயே தூள் சற்றுப் பருவெட்டாக விழும் என்பதால் எண்ணை ஒன்றிரண்டு இறக்க வேண்டிவரும்.

குளிரும் இதில் விளையாடும். கொட்டையைக் குளிர்வித்து அரைத்தால் துகள்கள் சற்றே நைசாகவும், ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவிலும் விழுகின்றன என்று 2016இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு நாள் உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனேயும், மறுநாள் மேசை மேல் இருந்ததையும் அரைத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

அடுத்தது நிலைமின்சாரம். உராய்வினால் தூள் மின்னூட்டம் பெற்று, நுண்தூள் கிரைண்டரின் சுவரிலும் மூடியிலும் ஒட்டிக்கொள்கிறது. இன்று ஒட்டியது நாளை கலகலவென்று உதிர்ந்து நாளைய கோப்பையில் சேரும். வறண்ட காலத்தில் இது கூடும். அரைப்பதற்கு முன் ஒரு கரண்டிக் காம்பை நீரில் நனைத்து, அந்த ஒரு துளியால் கொட்டைகளைக் கிளறிவிட்டு அரையுங்கள். 20 கிராம் கொட்டைக்கு அதற்கு மேல் வேண்டாம். நீர் சேர்த்து அரைப்பது மின்னூட்டத்தைக் குறைப்பதை 2023இல் ஒரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘மேட்டர்’ ஆய்விதழில் விளக்கினார்கள். இதைத் தொடங்கிய முதல் நாள் காபி இன்னும் மெதுவாக வடிந்தால் திகைக்க வேண்டாம். சுவரில் தங்கிக்கொண்டிருந்த நுண்தூளும், கட்டிகளாக ஒளிந்திருந்ததும் இப்போது முழுதாகப் படுகைக்கு வருகின்றன. ஒரு படி பருவெட்டாக்கினால் போதும். அதன் பிறகு நாளுக்கு நாள் மாறாது.

அறிகுறி: சலித்த பிறகு தெளிவு வந்தது, உயிர் போய்விட்டது

நுண்தூளை ஒட்டுமொத்தமாக நீக்கினால் கோப்பை கண்ணாடி போலத் தெளியும், ஆனால் வாயில் கனம் இருக்காது. முதல் சில நொடிகளில் காபிக்கு உடலைக் கொடுப்பது அந்தத் தூள்தான். அது இல்லாத படுகையில் நீரும் நிற்காமல் ஓடிவிடும். அடுத்த முறை ஒன்றிரண்டு எண் நைசாக அரைத்துச் சலித்து ஈடுகட்டலாம். ஆனால் தினமும் சலிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 15 கிராமில் 2 கிராமைத் தள்ளிவிட்டுக் குடிப்பதைவிட, பெருந்துகளைக் குறைத்து, நுண்தூளைக் கிளறாமல் இருந்த இடத்தில் விடுவது நல்ல காபியைத் தரும். நுண்தூளைக் கொஞ்சம் மட்டும் குறைக்க வேண்டுமானால் அரைத்த தூளை ஒரு சமையலறைக் காகிதத் துண்டில் கொட்டி மெதுவாக உருட்டுங்கள். காகிதத்தின் இழைகளில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும். விருந்தினருக்கு ஒரு தெளிந்த கோப்பை தர வேண்டிய நாளில் அது போதும்.

பற்கள் மழுங்கிவிட்டனவா என்று அறிய எந்தச் சோதனையும் தேவையில்லாத ஓர் அடையாளம் இருக்கிறது. கிரைண்டருக்கு அருகில் ஒரு தாளில் தேதி, கொட்டையின் வறுவல், அரவை எண், வடிந்த நேரம் ஆகிய நான்கையும் குறித்து வாருங்கள். ஒரே வகை வறுவலுக்கு, அதே வடியும் நேரத்தில் அதே சுவையைப் பெற முடியாமல், புளிப்பைப் போக்க நைசாக்கினால் நீர் தேங்குகிறது, தேக்கத்தைப் போக்கப் பருவெட்டாக்கினால் புளிக்கிறது என்று மாதக்கணக்கில் அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வந்தால், சிதறல் இரண்டு பக்கமும் அகன்றுவிட்டது. தட்டுகள் நேராகவும் சுத்தமாகவும் இருக்கும்போதும் இது நடந்தால், புதிய பற்களை வாங்கிப் பொருத்துங்கள். புதியவை பொருத்திய முதல் சில நூறு கிராம் அரவை வரை எண்கள் நிலைகொள்ளாமல் நகரும். அதுவரை தாளில் குறிக்கும் நேரங்களைப் பழையவற்றோடு ஒப்பிட வேண்டாம்.